ஒரு படுக்கை, ஒரு மாதம்: விடுதி விளம்பரத்தைத் திருத்தி எழுதும் முறை

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி பகுதிகளில் ஒட்டப்படும் விடுதி விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு தொகை: “ரூ. 5,500 முதல்”. அது எத்தனை பேர் தங்கும் அறைக்கு, சாப்பாட்டோடு சேர்த்தா, ஈபி உள்ளடங்கியதா என்ற விவரம் தொலைபேசியில்தான் தெரியவரும். பக்கத்துத் தெரு விடுதி சாப்பாட்டையும் சேர்த்து ரூ. 9,200 என்று அச்சிட்டிருக்கும். படிப்பவர் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறார். சேர்ந்த முதல் மாதத்திலேயே கணக்கு வேறாகத் தெரிகிறது. விடுதி நடத்துபவருக்கும் இதில் இழப்பு உண்டு. அழைப்புகள் நிறைய வரும், அறை பார்க்க வருபவர்கள் குறைவு, வந்தவர்களிலும் பலர் அட்வான்ஸ் தொகையைக் கேட்டதும் திரும்பிவிடுவார்கள்.

எல்லாத் தொகையையும் ஒரே அளவுக்கு, அதாவது ஒரு படுக்கைக்கு ஒரு மாதம் என்ற அளவுக்கு மாற்றுவதுதான் திருத்தத்தின் முதல் வேலை. மேற்குத் தாம்பரத்துப் பெண்கள் விடுதி ஒன்றின் விளம்பரம் இப்படி இருப்பதாகக் கொள்ளலாம்: “ஸ்டேஷன் அருகில் லேடீஸ் ஹாஸ்டல். 2, 3, 4 ஷேரிங். ஏசி / நான் ஏசி. ரூ. 5,500 முதல். வீட்டுச் சாப்பாடு. வைஃபை, வாஷிங் மெஷின். அட்வான்ஸ் குறைவு. ஒழுக்கம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும்.” நடத்துபவரிடம் விசாரித்தால் கிடைக்கும் விவரம் இது: நான்கு பேர் அறை 5,500, மூவர் அறை 6,500, இருவர் ஏசி அறை 9,000. சாப்பாடு தனியாக 2,500. சேரும்போது பதிவுக் கட்டணம் 500. அட்வான்ஸ் 10,000. காலி செய்யும்போது அதில் 1,500 மெயின்டனன்ஸ் என்று பிடிக்கப்படும்.

மூவர் அறையில் சாப்பாட்டோடு சேருபவருக்கு மாதம் 9,000 ஆகிறது. சேரும் நாளில் அவர் கையில் 19,500 இருக்க வேண்டும். கிளம்பும்போது 8,500 திரும்ப வரும். திரும்பாத தொகை 2,000. விளம்பரத்தில் வாடகைக்கு அடுத்து இந்த மூன்று தொகைகளும் இருந்தால் போதும்: மாதம் எவ்வளவு, முதல் நாள் எவ்வளவு, கடைசி நாளில் திரும்புவது எவ்வளவு.

திரும்பும் தொகையைத் தனியாகக் காட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. பக்கத்துத் தெரு விடுதி 9,200 வாங்குகிறது, அட்வான்ஸ் 5,000-ஐ முழுதாகத் திருப்பித் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் தங்குபவருக்கு முதல் விடுதியில் 56,000 செலவாகும், இரண்டாவதில் 55,200. பத்தாவது மாதத்தில் இரண்டும் 92,000 என்று சமமாகிவிடும். அதற்கு மேல் தங்கினால் முதல் விடுதி மலிவு. ஆறு மாதப் பயிற்சிக்கு வந்தவருக்கும் கல்லூரியில் மூன்றாண்டு படிக்க வந்தவருக்கும் ஏற்ற விடுதி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. யார் எவ்வளவு காலம் தங்குவார் என்பது விளம்பரம் எழுதுபவருக்குத் தெரியாது. எனவே கூட்டிப் பார்க்கத் தேவையான தொகைகளைப் பிரித்துக் கொடுப்பதே சரி.

அட்வான்ஸில் தகராறு வருவது தொகையால் குறைவு, திருப்பித் தரும் நிபந்தனையால்தான் அதிகம். எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், அந்த நாள்கள் எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும், பணம் எப்போது கைக்கு வரும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். “ஒரு மாத நோட்டீஸ்” என்று மட்டும் எழுதினால், 12ஆம் தேதி சொன்னவர் அடுத்த மாதம் 12 வரை என்று புரிந்துகொள்கிறார். வார்டன் அடுத்த மாதக் கடைசி வரை என்று கணக்கிடுகிறார். “எந்தத் தேதியில் சொன்னாலும் அன்றிலிருந்து 30 நாள். அறையை ஒப்படைத்த 7 நாளுக்குள் ரூ. 8,500 திருப்பித் தரப்படும்” என்ற இரண்டு வரி அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். “அட்வான்ஸ் குறைவு” என்ற சொற்களை அடித்துவிடலாம். தொகை இருக்கும் இடத்தில் அவற்றுக்கு வேலை இல்லை.

ஏசி அறைக்கு மாதச் செலவை ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 12 ரூபாய் வாங்கும் விடுதியில், ஏசி இரவுக்கு 8 யூனிட் இழுத்தால் மாதம் 240 யூனிட், 2,880 ரூபாய். இருவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,440. டிசம்பரில் இதில் பாதிகூட வராமல் போகலாம். உத்தேசமாக ஒரு தொகை போடுவதைவிட, அந்த அறையின் மீட்டரில் கடந்த மே மாதமும் டிசம்பர் மாதமும் பதிவான யூனிட்டை அச்சிடுவது நேர்மையானது. “ஈபி எக்ஸ்ட்ரா” என்று மட்டும் போட்டால், அது ஏசிக்கு மட்டுமா, மின்விசிறிக்கும் சேர்த்தா என்று கேட்டே ஓர் அழைப்பு வரும்.

ஜிஎஸ்டி பற்றிய வரியையும் சரிபார்க்க வேண்டும். ஒருவருக்கு மாதம் ரூ. 20,000 வரை, தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமல் தங்கும் விடுதிச் சேவைக்கு 2024 ஜூலை 15 முதல் விலக்கு உண்டு. இந்தப் பகுதியின் வழக்கமான வாடகைகள் இந்த வரம்புக்குள்தான் வரும். பழைய விளம்பரத்தைப் பார்த்து “ஜிஎஸ்டி தனி” என்று அப்படியே எடுத்து எழுதுவது தவறு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை “வீட்டுச் சாப்பாடு” என்பதை வைத்து யாரும் எதையும் ஒப்பிட முடியாது. வாரத்தில் எத்தனை வேளை என்ற எண்ணிக்கைதான் அடிப்படை. மூன்று வேளை, ஏழு நாள் என்றால் 21. மதியச் சாப்பாடு ஞாயிறு மட்டும் என்றால் 15. அதன் பிறகு நேரம். தாம்பரம் சானடோரியம் பக்கத்து மெப்ஸ் வளாகத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவரும், ஓஎம்ஆர் செல்லும் கம்பெனி பஸ்ஸை விடியற்காலையில் பிடிப்பவரும் எட்டு மணி டிபனுக்குப் பணம் கட்டுவார்கள், சாப்பிடமாட்டார்கள். ஆகவே டிபன் எத்தனை மணிக்குத் தயார், மதியத்துக்கு டப்பாவில் கட்டிக் கொடுப்பார்களா, இரவு தாமதமாக வருபவருக்கு எடுத்து வைப்பார்களா என்பதும் விளம்பரத்தில் வர வேண்டும். தொடர்ந்து எத்தனை நாள் ஊருக்குப் போனால் சாப்பாட்டுப் பணம் கழிக்கப்படும் என்பது அடுத்த வரி. கழிக்கும் வழக்கம் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடலாம். சாப்பாடு வேண்டாம் என்பவருக்குத் தனி வாடகை உண்டா, கட்டாயமா என்பதை வாடகைக்குப் பக்கத்திலேயே போடுவது நல்லது.

விதிகளை நேரமாகவும் செயலாகவும் எழுத வேண்டும். “ஒழுக்கம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும்” என்பதைப் படிப்பவர் தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொள்வார். “கேட் இரவு 9.30க்கு மூடப்படும். கம்பெனி ஷிப்ட் கடிதம் தந்தவர்களுக்கு 11.30 வரை திறக்கப்படும். பெற்றோர் வரவேற்பறை வரை வரலாம். அறையில் இண்டக்‌ஷன் அடுப்பு கூடாது” என்றால் தனக்கு ஒத்துவருமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அபராதம் வாங்கும் விதி எதுவாக இருந்தாலும் தொகையோடு வர வேண்டும், ஏனெனில் அதுவும் செலவுதான். பிற சிறு விதிகளைச் சேரும்போது கொடுக்கும் தாளுக்கு விட்டுவிடலாம்.

இவ்வளவும் அரைப்பக்கத் துண்டறிக்கையில் அடங்கும். திருத்திய வடிவில் மூவர் அறைக்கான பகுதி இப்படி அமையும்: “மூவர் அறை, ஏசி இல்லை: ரூ. 6,500, ஈபி உட்பட. சாப்பாடு ரூ. 2,500, விருப்பம் போல, வாரம் 21 வேளை. மாத மொத்தம் ரூ. 9,000. சேரும் நாளில் ரூ. 19,500. காலி செய்த 7 நாளுக்குள் திரும்புவது ரூ. 8,500. நோட்டீஸ் 30 நாள்.” மற்ற இரண்டு அறைகளும் இதே வரிசையில் கீழே வரும். வைஃபையும் வாஷிங் மெஷினும் கடைசி வரிக்குப் போகும்.

பெண்கள் விடுதியானால் 2014ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பெற்ற உரிம எண்ணையும் அடியில் அச்சிட வேண்டும். அதன் பக்கத்தில் இந்தக் கட்டணம் எந்த மாதம் முதல் நடப்பில் இருக்கிறது என்பதைக் குறிக்க வேண்டும். சுவரில் பழைய தாள் கிழியாமல் ஒட்டியிருக்கும்போது, அதைப் பார்த்து அழைப்பவருக்கு எந்தத் தொகை செல்லும் என்பதை அந்தத் தேதிதான் சொல்லும்.