ஊருக்கு மறைக்கலாம், மருத்துவருக்கு மறைக்கலாமா?



நம் குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றால், மூன்று மாதங்கள் நிறையும் வரை அச்செய்தியை வெளியில் சொல்வதில்லை. கண்ணேறு குறித்த அச்சமும், கரு நிலைக்காமற் போனால் ஊராரின் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டுமே என்ற தயக்கமும் அதற்குக் காரணங்கள். அவ்வழக்கத்தைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால், பல வீடுகளில் அந்த மறைப்பு மருத்துவர் வரைக்கும் நீண்டுவிடுகிறது. "மூன்று மாதம் ஆகட்டும், ஸ்கேனுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம்" என்று மூத்தவர்கள் சொல்லிவிடுகிறார்கள். தைராய்டுக் குறைபாட்டிற்காக லெவோதைராக்சின் மாத்திரை உட்கொண்டு வரும் பெண்ணுக்கு அந்தத் தாமதம் கூடாது என்பதே என் கருத்து.

என் நாத்தனாரின் மகளுக்கு நேர்ந்ததை அவளுடைய இசைவோடு இங்கே எழுதுகிறேன். திருமணத்திற்கு முன்பிருந்தே அவள் நாள்தோறும் 100 மைக்ரோகிராம் மாத்திரை உட்கொண்டு வந்தாள். முதன்முறை கருவுற்றபோது வீட்டார் வழக்கம்போல் காத்திருந்தனர். பத்தாவது வாரத்தில் கரு கலைந்தது. அன்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு 9.6 என்றிருந்தது. கருவுறுவதற்கு முன் அது 1.8 தான். "இதனால்தான் கலைந்தது என்று என்னால் சொல்ல முடியாது. முதல் மாதங்களில் கலையும் கருக்களில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறு உடையவை. ஆயினும் இந்த அளவை ஐந்து வாரங்களுக்கு முன்பே சரிசெய்திருக்க வேண்டும்" என்றார் மருத்துவர்.

ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடாதவளுக்கு அளவு ஏன் இப்படி ஏறியது? டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை செய்யுமாறு ஏவும் ஹார்மோன். உடலில் தைராக்சின் போதாதபோது அது உயரும். கரு தங்கியவுடன் தாயின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெருகுகிறது. அதன் விளைவாக, இரத்தத்தில் தைராக்சினைப் பிடித்துவைக்கும் புரதமும் பெருகுகிறது. இரத்தத்தின் கன அளவும் கூடுகிறது. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் ஒரு பங்கு செல்கிறது. ஆகவே, முன்பு போதுமாயிருந்த அதே அளவு இப்போது பற்றாமற்போகிறது.

நலமான தைராய்டு உடைய பெண்ணுக்கு இதனால் இடரில்லை. கருவின் திசுவிலிருந்து சுரக்கும் ஹார்மோன் அவளுடைய தைராய்டைத் தூண்ட, அது தானாகவே கூடுதலாகச் சுரந்துவிடும். சுரப்பி பழுதடைந்தவருக்கோ அறுவையில் நீக்கப்பட்டவருக்கோ அந்த வழி இல்லை. அவர்களுக்குக் கூடுதல் தைராக்சின் மாத்திரையிலிருந்துதான் வர வேண்டும்.

இந்தத் தேவை கர்ப்பத்தின் ஐந்தாவது வாரத்திலேயே உயரத் தொடங்கிவிடுவதை 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கர்ப்பக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குவதால், மாதவிடாய் தள்ளிப்போகும் நாளிலேயே நான்கு வாரங்கள் முடிந்துவிடுகின்றன. அதாவது, வீட்டில் சோதனை செய்து இரண்டு கோடுகளைப் பார்க்கும் அந்த வாரமே நாம் சொல்லும் ஐந்தாவது வாரம். குழந்தையின் தைராய்டோ ஏறத்தாழ 18 முதல் 20 வாரங்களில்தான் போதிய அளவு சுரக்கத் தொடங்கும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைராக்சினுக்குத் தாயையே அது பெரிதும் சார்ந்திருக்கிறது. நாம் செய்தியை மறைத்து வைக்கும் மூன்று மாதங்களும் அந்தக் காலத்திற்குள்தான் அடங்குகின்றன.

இரண்டாம் முறை அவளுடைய மருத்துவர் ஒரு தாளில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார். கர்ப்பம் உறுதியான அன்றே வாரத்திற்கு ஏழு மாத்திரைகள் என்பதை ஒன்பதாக்க வேண்டும், உடனே தகவல் தர வேண்டும் என்பதே அதன் சாரம். அவள் திங்களும் வெள்ளியும் இரண்டு மாத்திரைகள், மற்ற நாட்களில் ஒன்று என்று வைத்துக்கொண்டாள். வாரத்திற்கு 700 மைக்ரோகிராம் என்பது 900 ஆயிற்று. இது ஏறத்தாழ முப்பது விழுக்காடு கூடுதல். தைராய்டு மருத்துவ வழிகாட்டுதல்களில் உள்ள எளிய முறையே இது.

ஆனால் அது தொடக்கம் மட்டுமே. நான்கு வாரங்கள் கழித்துப் பரிசோதித்தபோது டி.எஸ்.எச். 3.4 என்றிருந்தது. பொதுவாக 2.5க்குக் கீழ் வைக்க முயல்வதால், மருத்துவர் நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் என்று மாற்றினார். அடுத்த பரிசோதனையில் அது 1.6க்கு இறங்கியது. கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை நான்கு வாரத்திற்கொரு முறையும், முப்பதாவது வாரத்தையொட்டி ஒரு முறையும் பார்த்தார்கள். பிள்ளை பிறந்ததும் பழைய 100க்கே திரும்பினாள். ஆறு வாரங்கள் கழித்து மீண்டும் ஒரு பரிசோதனை. தாயும் மகளும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

"உடம்பு சோர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வர். சோர்வு, மலச்சிக்கல், உறக்கமயக்கம் ஆகிய யாவும் கர்ப்பத்திலும் வரும், தைராக்சின் குறைந்தாலும் வரும். இரண்டையும் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை ஒன்றே வழி. "வயிற்றுப் பிள்ளைக்கு மாத்திரை ஆகாது" என்று நிறுத்திவிடுவோரும் உளர். இது வெளியிலிருந்து புகுத்தும் அந்நியப் பொருளன்று. தாயின் சுரப்பி தர வேண்டிய அதே ஹார்மோன்தான். நிறுத்துவதில்தான் கேடு இருக்கிறது.

இன்னொரு தவறும் அடிக்கடி நேர்கிறது. கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளை இதனோடு சேர்த்து விழுங்கினால், அவை தைராக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். இடையில் நான்கு மணி நேரமாவது வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் இதை உட்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேநீரும் உணவும் இன்றி இருப்பதே முறை.

ரமளானில், கர்ப்பிணிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகை நாம் அறிந்ததே. மருத்துவர் இசைந்து நோன்பு நோற்பவர், ஸஹர் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு இம்மாத்திரையை உட்கொள்ளலாம். அல்லது, இரவு உணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து உறங்கப்போகும்போது உட்கொள்ளலாம். ஸஹர் தேநீரோடு விழுங்கினால் பயன் குறையும்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டாம். மிகுதியானால் படபடப்பும் இதயத்துடிப்புக் கோளாறும் வரும். இதய நோய் உள்ளவர்களுக்கும், தைராய்டுப் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டவர்களுக்கும் கணக்கு வேறு. குழந்தைப்பேறை நாடும்போதே மருத்துவரிடம், "கருவுற்றால் அன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாமியார்களுக்கும் உம்மாமார்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். செய்தியை ஊருக்குச் சொல்லாதீர்கள், உறவினருக்கும் சொல்ல வேண்டாம். ஆனால் தைராய்டு மாத்திரை உட்கொள்ளும் மருமகளோ மகளோ, "நாள் தள்ளியிருக்கிறது" என்று சொன்னால், அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மருந்தை நாடுவது தவக்குலுக்கு முரணானதன்று. வயிற்றிலிருப்பது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவது அவள் ஒருத்தியின் பொறுப்பு மட்டுமன்று.