பட்டையின் உயரம் எண்ணிக்கை ஆகாது

பட்டியல் சாதியினர் மீதான வன்கொடுமை பற்றிய விளக்கப்படங்கள் கைப்பேசிக் குழுக்களில் அடிக்கடி வருகின்றன. ஆண்டுக்கு ஒரு பட்டை, மேலே ஒரு தலைப்பு, அவ்வளவுதான். பட்டைகளின் மீது எண் இருக்காது. அந்தப் படம் எந்த அட்டவணையிலிருந்து வரையப்பட்டது என்ற குறிப்பும் இருக்காது. அதைப் பார்த்து "ஏறக்குறைய இத்தனை வழக்கு" என்று கணித்து, மனுவிலும் துண்டறிக்கையிலும் எழுதிவிடும் பழக்கம் நம் ஊர்களில் பரவியிருக்கிறது. கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளிலும் இது உண்டு.

தமிழ்நாட்டின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைப்படி, பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்களாக இங்கே பதிவான வழக்குகள் 2020-இல் 1,274. 2021-இல் 1,377. 2022-இல் 1,761. இந்த மூன்றையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் பட்டைகளாக வரைந்தால், கடைசிப் பட்டை முதல் பட்டையைவிட மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உயர்ந்து நிற்கும். சரியாகச் சொன்னால் 38 சதவீதம்.

அதே எண்களை, அடிக்கோட்டை 1,200-இல் வைத்து வரைந்து பாருங்கள். முதல் பட்டைக்குக் கிடைப்பது 74 அளவு உயரம்தான். கடைசிப் பட்டைக்கு 561. கண்ணுக்கு ஏழரை மடங்கு தெரியும். படத்தில் பொய் எதுவும் இல்லை, அடிக்கோட்டின் எண்ணை மட்டும் வெட்டிவிட்டார்கள். அதைப் பார்த்து "இரண்டே ஆண்டில் ஏழு மடங்கு" என்று மனு எழுதினால், அதிகாரி அட்டவணையைப் புரட்டி ஒரே நிமிடத்தில் மறுத்துவிடுவார். பிறகு அந்த மனுவில் உள்ள உண்மையான புகாரும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். 38 சதவீத ஏற்றம் என்ன சின்ன விஷயமா? அதைச் சொன்னாலே போதுமே.

அப்படியானால் எண் இல்லாத படத்தை வைத்து எதுவும் பேசக் கூடாதா என்றால், பேசலாம். அளவுகோல் சீராக இருக்கும்வரை, அடிக்கோடு எங்கே இருந்தாலும் சில செய்திகள் மாறுவதில்லை. மேலே சொன்ன படத்தில் வழக்குகள் ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருக்கின்றன. இரண்டாவது ஏற்றம் முதல் ஏற்றத்தைவிடப் பெரியது. இவ்வளவையும் அழுத்தமாக எழுதலாம். எத்தனை மடங்கு, எத்தனை சதவீதம், எத்தனை வழக்கு என்பவை படத்திலிருந்து கிடைக்காதவை. அங்கே "படத்தில் எண் தரப்படவில்லை" என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம் மாவட்டத்துப் படம் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. 2019 நவம்பர் 26-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முந்தைய விழுப்புரம் கணக்கில் சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர் எல்லாம் அடக்கம். பிந்தைய கணக்கில் அவை இல்லை. 2018-இன் பட்டையையும் 2021-இன் பட்டையையும் பக்கத்தில் வைத்து "விழுப்புரத்தில் வன்கொடுமை குறைந்துவிட்டது" என்று யாராவது காட்டினால், குறைந்தது குற்றமா, மாவட்டத்தின் பரப்பா என்று கேட்க வேண்டும். மாநிலப் பட்டையின் உயரத்தை மாவட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்து மேல்மலையனூர் வட்டத்துக்கு ஒரு எண் உண்டாக்குவதும் இப்படித்தான் தவறாகும்.

எண்ணே கிடைத்தாலும், அது காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. புகார் வாங்காமல் திருப்பி அனுப்பியவை அதில் வராது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பத்துப் பேர் பாதிக்கப்பட்டிருந்தாலும் அது ஒரு வழக்குதான். எனவே பட்டை உயர்ந்தால் கொடுமை கூடியிருக்கலாம், அல்லது மக்கள் துணிந்து புகார் கொடுத்திருக்கலாம். படம் இதைப் பிரித்துச் சொல்லாது.

உள்ளூர் எண் இருக்கும் இடம் நமக்குத் தூரமில்லை. அவலூர்பேட்டை, வளத்தி காவல் நிலையங்களில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஆண்டுவாரியாகப் பதிவான வழக்குகள் எத்தனை, குற்றப்பத்திரிகை தாக்கலானவை எத்தனை, தண்டனையில் முடிந்தவை எத்தனை, விடுதலையில் முடிந்தவை எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதி. வழக்குகளின் நிலை பேசப்பட வேண்டிய இடம் அது. கடைசியாக அது எந்தத் தேதியில் கூடியது என்பதையும் அதே விண்ணப்பத்தின் பாணியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.