கோயில் விமானத்தைக் காட்டிக் கல்லூரிக்கு ஆள் சேர்க்காதீர்கள்



நம் பக்கத்துக் கல்லூரி ஒன்று, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டும் வீடியோ எடுக்கப்போகிறது. அங்கே வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஸ்கிரிப்டை அனுப்பி, "ஐயா, பிழை இருந்தால் திருத்துங்க" என்றான். எழுத்துப்பிழை இரண்டுதான். ஆனால் ஸ்கிரிப்டே பிழை. உங்களிலும் சிலர் கல்லூரிகளில் இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் 40 விநாடி கங்கைகொண்ட சோழபுரம் கோயில் விமானம், ட்ரோனில். ராஜேந்திர சோழன் கட்டியது உங்கள் கல்லூரியையா? (தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் அங்கே ட்ரோன் விட முடியாது என்பது தனிக்கதை.) அடுத்து தாளாளர் உரை, ஆடிட்டோரியம், நூலகம், திடீரென்று மறுபடி வாசல். எது எங்கே இருக்கிறது என்று எந்தப் பிள்ளைக்குப் புரியும்?

அதே கோயிலில் உங்களை எப்படிச் சுற்றிக் காட்டினேன்? நந்தியைத் தாண்டி, தென்சுவர், மேற்குச்சுவர், வடசுவர் என்று வலமாக. அதனால்தான் சிவன் சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பம் எங்கே என்றால், வடக்குப் படிக்கட்டுப் பக்கம் என்று இன்றும் சொல்வீர்கள். வீடியோவும் அப்படித்தான் நடக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் தொடங்கி வாசல், சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம், வகுப்பறை, ஆய்வகம், நூலகம், பெண்கள் கழிப்பறை, விடுதி. கேமரா பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கட்டும். ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் நடையை நாலு விநாடியாவது காட்டுங்கள். வழி மனதில் பதிவது அந்த நடையில்தான்.

வேகத்துக்கு வருகிறேன். 4 நிமிட வீடியோவுக்கு 520 சொல் எழுதியிருக்கிறான். கடிகாரம் வைத்து, பாடம் நடத்தும் வேகத்தில் வாய்விட்டுப் படித்தேன். ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 280 சொல்லாக வெட்டச் சொன்னேன். மூன்று நிமிடம் குரல், மீதி ஒரு நிமிடம் வெறும் காட்சி. ஆய்வகத்தில் "அதிநவீன" என்ற சொல்லோடு பூட்டிய அலமாரி எதற்கு? பியூரெட்டிலிருந்து சொட்டு விழுந்து கரைசல் இளஞ்சிவப்பாகும் வரை ஒரு பெண் உற்றுப் பார்ப்பதை எட்டு விநாடி பேசாமல் காட்டுங்கள். எத்தனை பேருக்கு ஒரு மேசை என்று மட்டும் பிறகு சொல்லுங்கள்.

விடுதிக்கு ஒரே வரி: "விடுதி வசதி உண்டு." எத்தனை படுக்கை என்று கேட்டேன். "இடம் கம்மி ஐயா, சொன்னா சேர மாட்டாங்க" என்றான்.

கோபம் வந்ததே அங்கேதான். நம் உறவிலேயே ஒரு பெண், வேறொரு கல்லூரியின் இப்படிப்பட்ட வீடியோவை நம்பிச் சேர்ந்தாள். படுக்கை இல்லை. மாலை பஸ்ஸைப் பிடிக்கக் கடைசி வகுப்பைத் தினமும் விட்டாள். இரண்டாம் பருவத்தோடு நின்றுவிட்டாள்.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். படுக்கை எண்ணிக்கை, கடைசி பஸ் நேரம், படம் எடுத்த மாதம், மூன்றையும் திரையில் எழுத்தாகப் போட்டு, ஆறு விநாடி நிறுத்திவிட்டு அனுப்பு. திருத்தித் தருகிறேன்.