வட்டியில்லாத் தவணையும் நாப்பதாவது மாசப் பத்திரமும்

போன ஞாயித்துக்கிழமை மச்சான் (வீட்டம்மாவோட தம்பி) ஒரு பிட் நோட்டீஸோட வந்து நின்னான். திண்டிவனம் தாண்டி ஒரு லே-அவுட். "மாதம் 15,000 மட்டுமே! வட்டி இல்லை! 40 மாதத்தில் மனை உங்களுக்கே!" முன்பதிவு பண்றவங்களுக்கு ஒரு கிராம் தங்கக் காசு வேற.

"மாமா, வட்டியே இல்லையாம். மொத தவணை கட்டிடட்டுமா?"

"ரொக்கமா மொத்தமா கொடுத்தா என்ன விலைன்னு கேட்டியாடா?"

கேக்கலை. யாருமே கேக்கறதில்லை. ஏஜெண்டுக்கு நானே போன் போட்டேன். 1200 சதுர அடி, அரை கிரவுண்டு. தவணைன்னா சதுர அடி 500 ரூபாய், மொத்தம் 6 லட்சம். ரொக்கம்னா 400, மொத்தம் 4,80,000. "மொத்தமா கொடுத்தா டிஸ்கவுண்ட் சார்"னார் மனுஷன், ரொம்ப சந்தோஷமா.

அது டிஸ்கவுண்ட் இல்லீங்க. மனையோட விலையே அந்த 4,80,000 தான். மேல இருக்கற 1,20,000, காசு கொடுக்க நாப்பது மாசம் எடுத்துக்கறதுக்காக வாங்கறது. அதுக்குத் தமிழ்ல வட்டின்னு பேரு. நோட்டீஸ்ல வட்டின்னு போடாம விலையோட பிசைஞ்சு வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

மச்சான் விடலை. "சரி மாமா, வட்டின்னே வச்சுக்கோங்க. 4.8 லட்சத்துக்கு 1.2 லட்சம், 25 சதவீதம். மூணே கால் வருஷத்துக்கு மேல ஆகுது. வருஷத்துக்கு ஏழரைதானே வருது? பேங்கை விட கம்மி!"

இங்கதான் நிறைய பேர் கவுந்துடறாங்க. 4,80,000 கடன் நாப்பது மாசமும் அப்படியேவா நிக்குது? மாசாமாசம் கட்டிக்கிட்டே வர்றான். மொத மாசம் முழு பாக்கி, கடைசி மாசம் ஒண்ணுமில்லை. சராசரியாப் பாத்தா அவன் கையில இருக்கற கடன் பாதிதான், சுமார் 2,40,000. வட்டி 1,20,000-ஐ நாப்பது மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 3,000. 2,40,000-க்கு மாசம் 3,000-ன்னா நூத்துக்கு ஒண்ணே கால் ரூபாய் வட்டி. கால்குலேட்டர்கூட வேணாம், நோட்டீஸோட பின்பக்கம் போதும்.

துல்லியமா வேணும்னா எக்செல்ல இதை அடிச்சுப் பாருங்க. கடைசியில இருக்கற 1, மொத தவணையை முன்பதிவு அன்னிக்கே வாங்கிடறாங்கங்கறதுக்காக.

```
=RATE(40,-15000,480000,0,1)
```

மாசம் 1.2 சதவீதம்னு வரும். நூத்துக்கு ஒரு ரூபா இருபது பைசா. வருஷத்துக்கு 14.4. மச்சான் சொன்ன ஏழரைக்குக் கிட்டத்தட்ட ரெட்டிப்பு.

நியாயமாச் சொல்லணும்னா, 14.4 ஒண்ணும் கந்துவட்டி இல்லை. சம்பள ஸ்லிப் இல்லாதவன், கடை வச்சிருக்கவன், இவங்களுக்கு பேங்க் சுலபமா மனைக்கடன் கொடுத்துடாது. தவணைக்கு விக்கறவர் கூடுதலா கேக்கறதுல தப்பில்லை. என் சண்டை வட்டி விகிதத்தோட இல்லை. வட்டியைக் கட்டினவனுக்கு என்ன கிடைக்குதுங்கறதுதான் என் கேள்வி.

பேங்க் கடன்ல மொத நாளே மனை உங்க பேர்ல பத்திரம் ஆகும். பத்திரத்தை அவங்க அடமானமா வச்சுக்குவாங்க, ஆனா சொந்தக்காரர் நீங்க. இந்தத் திட்டத்துலயோ "நாப்பதாவது தவணை முடிஞ்சதும் பத்திரப்பதிவு". அதாவது நாப்பது மாசமும் மனை அவங்க பேர்லயே இருக்கும், காசும் அவங்ககிட்ட போய்க்கிட்டே இருக்கும். உங்க கையில ஒரு பாஸ்புக்கும் சில ரசீதும். கடன் வாங்கினவன் மாதிரி வட்டி கட்டறீங்க. ஆனா யோசிச்சுப் பாத்தா, அடமானம் எதுவும் வாங்காம அவங்களுக்குக் கடன் கொடுக்கறதே நீங்கதான்!

"விலை ஏறிடுமே மாமா, இப்பவே புடிச்சு வச்சுக்கலாம்ல?"ன்னான். நல்ல கேள்வி. விலையைப் புடிச்சு வைக்கறது நிஜமாவே ஒரு லாபம்தான், அந்தப் புடி சட்டப்படி நின்னா. விலை ஏறினா உங்க மனையை வேற ஆளுக்கு வித்தா அதிகம் கிடைக்கும்னு அவங்களுக்கும் தெரியும். நோட்டீஸைத் திருப்புங்க. பொடி எழுத்துல இருக்கு: தொடர்ந்து மூணு தவணை தவறினா ஒதுக்கீடு ரத்து, கட்டின பணத்துல பிடித்தம் போக மீதி. விலை இறங்கினா? கட்டின காசை விட மனசில்லாம நீங்க கட்டிக்கிட்டே இருக்கணும். ஏறினா அவங்களுக்கு, இறங்கினா உங்களுக்கு.

எங்க தெருவுல தையக்கடை வச்சிருந்தவர் ஒருத்தர். "பஞ்சாயத்து அப்ரூவல்"னு சொன்ன மனைக்கு மூணு வருஷம் தவணை கட்டினார். கடைசித் தவணை முடிச்சது 2016 ஆகஸ்ட். 'நல்ல நாள் பாத்து பதியலாம்'னு இருந்தார். செப்டம்பர் 9-ஆம் தேதி அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதுன்னு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. அந்த வருஷம் அக்டோபர் 20-க்கு முன்னாடியே பத்திரம் ஆன மனைகளை மறுபடி விக்கறதுக்கு 2017-ல வழி விட்டாங்க. இவர்கிட்ட இருந்ததோ ரசீது. வரன்முறைக் கட்டணம் கட்டி, அலைஞ்சு திரிஞ்சு அவர் கைக்குப் பத்திரம் வர்றதுக்குள்ள பொண்ணு கல்யாணமே முடிஞ்சு போச்சு. அந்தக் கல்யாணத்துக்குத்தான் மனையை விக்கறதா இருந்தார்.

இன்னிக்கு நிலைமை கொஞ்சம் மேல். 2016-ல வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தோட 13-ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கணும்னா, முதல்ல எழுத்துல விற்பனை ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவும் பண்ணியாகணும். 6 லட்சத்துல 10 சதவீதம் 60,000. நாலு தவணை. அஞ்சாவது தவணையைப் பதிவு பண்ணின ஒப்பந்தம் இல்லாம கேக்கவே கூடாது. இருபது ரூபா முத்திரைத்தாள்ல கையெழுத்து போட்டு நோட்டரி சீல் குத்தினா அது பதிவு இல்லை. சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சா வில்லங்கச் சான்றுல உங்க பேர் வரும். வந்தாத்தான் வேற ஆளுக்கு விக்கப் போனாலும் வாங்கறவன் கண்ணுல அது படும்.

ஏஜெண்டுக்கு மறுபடி போன். "சார், ஒப்பந்தம் எப்ப பதிவு பண்ணுவீங்க?"

"அதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதானே!"

நம்பிக்கைக்கு ஒரு லட்சத்து இருபதாயிரமா?

மச்சான் கிட்ட ஒரே ஒரு கணக்கு போட்டுக் காமிச்சேன். 4,80,000-ஐ 15,000-ஆல வகுத்தா 32. ஒரு பைசா வட்டி வராம உண்டியல்ல போட்டாலே 32 மாசத்துல ரொக்க விலை சேர்ந்துடும். பேங்க் ஆர்டில போட்டா இன்னும் ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடியே. அன்னிக்கே பத்திரம். அதுக்குள்ள விலை ஏறலாம், ஒத்துக்கறேன். சதுர அடி 500-ஐத் தாண்டி ஏறினாத்தான் இவனுக்கு நஷ்டம், அதுவும் அவங்க சொன்ன சொல்லைக் காப்பாத்தினா.

ரெண்டு நாள் யோசிச்சான். நேத்து ராத்திரி போன் பண்ணினான்.

"மாமா, பதிவு பண்ணின ஒப்பந்தம் கொடுத்தா கட்டறேன், இல்லைன்னா ஆர்டின்னு சொல்லிட்டேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்னாங்க."

"அப்புறம்?"

"இன்னும் கூப்பிடலை. ஆனா தங்கக் காசை ரெண்டு கிராமாக்கித் தர்றேன்னு மெசேஜ் வந்திருக்கு."