கனம் இருக்கட்டும், செட் குறையட்டும்

போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது நம் ஜிம்களில் ஒரு சடங்கு தொடங்கிவிடுகிறது. பாரில் தட்டுகள் குறையும், ரெப்ஸ் இருபதைத் தாண்டும், செட்டுகள் பெருகும், மாலையில் டிரெட்மில்லும் சேரும். எல்லாம் 'கட்டிங்' வருவதற்காகவாம். கொழுப்பைக் கரைப்பது பெரும்பாலும் சாப்பாட்டுக் குறைப்புதான். இந்த வாரங்களில் எடைப் பயிற்சிக்கு உள்ள வேலை, இருக்கிற தசையைக் காப்பது மட்டுமே.

தசையைக் கட்டிய கனத்தை விட்டுவிடாமல் இருந்தால் அது பெரும்பாலும் தங்கும். செட்டுகளைக் குறைக்கத்தான் நிறைய இடம் உண்டு. சோறு குறைந்த உடம்பில் கிளைக்கோஜன் நிரம்பத் தாமதமாகும். நேற்றைய களைப்பு தீருமுன் இன்றைய செட்டுகள் அதன்மேல் ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதன்முறை மேடையேறும் பையனின் எடை 74 கிலோ. மார்புக்கு வாரம் 16 செட் செய்கிறான். பெஞ்ச் பிரஸ்ஸில் 80 கிலோவை 8 முறை, புல்அப் 10. செட்டை 10 ஆக்குங்கள்; 80 கிலோவைத் தொடாதீர்கள். இன்னும் இரண்டு ரெப்ஸ் முடியும் என்கிற இடத்தில் ஒவ்வொரு செட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். வாரம் அரை கிலோ இறங்கினால் போதும்.

மூன்று வாரத்தில் அவன் 72.5 கிலோ. பெஞ்சில் 7 தான் வருகிறது, பையன் பதறுகிறான். அப்போது புல்அப்பை எண்ணுங்கள். தூக்கும் உடம்பே இலேசாகிவிட்டதால் அது 11 ஆகியிருக்க வேண்டும். ஆகியிருந்தால் பெஞ்சின் சரிவு பெரிய விஷயமில்லை. மார்பும் முதுகும் மெலிந்ததால் பார் சற்று அதிக தூரம் பயணிக்கிறது, அவ்வளவே. புல்அப்பும் 9 ஆகி, ஸ்குவாட்டும் அடுத்தடுத்து இரண்டு முறை சரிந்து, காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏறி, தூக்கமும் கெட்டிருந்தால் அது களைப்பு. ஒரு வாரம் செட்டை 6 ஆக்கி, கார்டியோவைக் குறையுங்கள். அப்படியும் மீளாவிட்டால் இரண்டு நாள் சோற்றைக் கூட்டி, எடை நிற்கும் அளவுக்குச் சாப்பிடவிடுங்கள்.

களைத்த உடம்பு நீரையும் பிடித்துவைக்கும் என்பதால் தராசு அசையாது. கொழுப்பு இறங்கவில்லை என்று நினைத்து மாஸ்டர்கள் சாப்பாட்டில் மறுபடி கை வைப்பது இங்கேதான். இடுப்புச் சுற்றளவையும் வாரச் சராசரி எடையையும் பார்க்காமல் அதைச் செய்யக் கூடாது.

கடைசிக் கனமான கால் பயிற்சி போட்டிக்கு ஐந்தாறு நாள் முன்பே முடியட்டும். வலியுள்ள தசையில் கிளைக்கோஜன் சரியாகச் சேராது. போசிங்கையும் கணக்கில் எடுங்கள்: அரை நிமிடம் இறுக்கிப் பிடிப்பதைத் திரும்பத் திரும்பச் செய்வதும் வேலைதான். தினமும் அரை மணி போசிங் ஏறினால், அன்றைய பட்டியலில் இரண்டு செட்டாவது இறங்க வேண்டும்.