அண்ணன் பெயரில் எழுதினால் போதுமா?

சேந்தமங்கலத்தில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு, அறிவுசார் குறைபாடுள்ள 24 வயது மகள் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘தங்கையை அண்ணன் பார்த்துக்கொள்வான்’ என்று வீட்டையும் டெபாசிட்டையும் மகன் பெயருக்கே எழுதிவைக்க நினைக்கிறார். எழுதிவிட்டால் அது மகனின் சொத்து. நாளை அவர் கடன்பட்டால், கடன்காரர் கை அதன்மீதும் விழும்.

அதைவிட, மகளைப் பயனாளியாக வைத்து ஒரு டிரஸ்ட் அமைப்பது நல்லது. மகனும் நம்பிக்கையான இன்னொரு உறவினரும் டிரஸ்டிகளாக இருக்கலாம். வீடும் சேர்வதால் பத்திரத்தைப் பதிவுசெய்ய வேண்டும். ஒரு டிரஸ்டி இல்லாமல்போனால் அடுத்து யார், மகளின் காலத்துக்குப் பின் மீதி யாருக்கு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

பென்ஷன் வழி வேறு. சம்பாதிக்க இயலாத அந்த மகளுக்கு, பெற்றோருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் உண்டு; அதைப் பாதுகாவலர் வழியாகப் பெறலாம். 18 வயது கடந்தவருக்கு அண்ணனோ, பெற்றோரோகூட தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்டக் கலெக்டர் இடம்பெறும் உள்ளூர் குழுவிடம் விண்ணப்பித்துச் சான்று பெற வேண்டும். பாதுகாவலர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், பிறகு ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும்.

மருத்துவச் சான்றுடன் மகளின் பெயரை ஓய்வூதிய ஆவணத்தில் இப்போதே சேர்த்துவிட்டால், பின்னாளில் கருவூலத்துக்கு அலைச்சல் குறையும்.