தண்ணீர் கேட்ட பேட்டரி!

கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அத்தை, கத்திரி வெயில் நேரத்தில் போன் செய்தார். “கரன்ட் போனா முன்னெல்லாம் நாலு மணி நேரம் தாங்கும்ப்பா. இப்ப முக்கால் மணி நேரத்துல கீ... கீ...ன்னு கத்துது. பேட்டரியை மாத்தணும்னு சொல்றாங்க. பதினைஞ்சாயிரம் ஆகுமாம். ராத்திரி மாமாவுக்கு மூச்சு மெஷின் வைக்கணுமே, என்ன பண்றது?”

“வாங்காதீங்க அத்தை, ஞாயிற்றுக்கிழமை வர்றேன்” என்றேன். வயது நான்காண்டுதான் ஆன 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி அது. போய்ப் பார்த்தால், மேலே இருந்த ஆறு மிதவைக் குச்சிகளும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தன. டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

குறைவது தண்ணீர்தான்

சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர், ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. ஆசிட் உள்ளேயே தங்கிவிடும். அதனால் ஊற்ற வேண்டியது தண்ணீரை மட்டுமே. ஆசிட் ஊற்றவே கூடாது. அதுவும் டிஸ்டில்டு வாட்டர்தான். அத்தை இரண்டு முறை ஊற்றியதோ குடிக்கிற கேன் தண்ணீர்! அதில் மிச்சமிருக்கும் உப்புகள் பேட்டரியின் தகடுகளைக் கெடுக்கும். போர் தண்ணீர் என்றால் இன்னும் மோசம்.

முதலில் இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கினேன். “வளையலைக் கழட்டிட்டு வாங்க அத்தை” என்றேன். உலோகம் இரண்டு டெர்மினலையும் ஒருசேரத் தொட்டால், கை வெந்துவிடும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் புனலால் தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றினேன். இரவு முழுக்க சார்ஜ் ஏறிய பிறகுதான் பச்சைக் கோடு வரை நிரப்பினேன். சார்ஜ் ஏறும்போது திரவம் மேலே எழும்பும். முன்பே நிரப்பினால் ஆசிட் வழிந்து தரையை அரிக்கும்.

டெர்மினல் பொடியை, ஆப்ப சோடா கலந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் வாசலின் தடவினேன். துடைக்கும்போது ஆறு மூடிகளும் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். சோடா உள்ளே போகக் கூடாது. பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த விளக்கு மாடத்தையும் இடம் மாற்றச் சொன்னேன். வெளியேறும் ஹைட்ரஜன், தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

150 ஏஎச், 12 வோல்ட் என்றால் பெருக்கினால் 1,800 வாட் மணி. இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும். வேகமாக இழுத்தால் முழுசாகவும் கிடைக்காது. சுமார் 1,000 முதல் 1,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தை வீட்டில் இரண்டு ஃபேன் 150 வாட், நான்கு எல்இடி விளக்கு 40, டிவி 60. ஆக 250 வாட். அதனால்தான் நாலு மணி நேரம் தாங்கியது.

ஆனால், மருமகள் சட்னிக்கு மிக்ஸியையும் இன்வெர்ட்டரிலேயே ஓட்டியிருக்கிறார். 600 வாட் மிக்ஸிக்கு பேட்டரி 50 ஆம்பியருக்கு மேல் தர வேண்டும். மிக்ஸி, ஃபிரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், மோட்டார் எதுவும் இந்த லைனில் வேண்டாம்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் கரன்ட் இல்லாதபோது, பேட்டரி முழுக்க வடிந்து இரண்டு நாள் அப்படியே கிடந்ததாம். அப்படிக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். நீண்ட மின்தடையில், அலாரம் அடிப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். கரன்ட் வந்ததும் முழுசாக சார்ஜ் ஏற விடுங்கள்.

எப்போது மாற்றணும்?

மறுநாள் அதே ஃபேன், விளக்கு, டிவியோடு சோதித்தோம். இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கியது! பழைய நாலு மணி நேரம் திரும்பாது. காற்றுபட்ட தகடும், உள்ளே போன உப்பும் செய்த சேதம் அது. ஆனாலும் உடனே பதினைந்தாயிரம் செலவழிக்கத் தேவையில்லை. தேதியையும் நேரத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி இன்வெர்ட்டரில் ஒட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே சோதனை. புதிதில் தாங்கியதில் பாதிக்கும் கீழே, அதாவது இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்தால், மாற்ற வேண்டியதுதான்.

வேறு அறிகுறிகளும் உண்டு. ஆறு அறைகளில் ஒன்று மட்டும் அடிக்கடி தண்ணீர் குடித்தால், அந்த அறை பழுது. முழு சார்ஜுக்குப் பிறகு சில மணி நேரம் சும்மா வைத்து மீட்டரில் பார்த்தால், 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பத்தரைக்கு இறங்கியிருந்தால் ஒரு அறை செத்துவிட்டது. பெட்டி உப்பினாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ காத்திருக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து, இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்தால் புதிதின் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

கிளம்பும்போது, “மாமாவோட மெஷினுக்கு மட்டும் ராத்திரி கரன்ட் போனா, டிவியை நிறுத்திடுங்க அத்தை” என்றேன். “மிக்ஸியையும்தானே?” என்று மருமகளைப் பார்த்துச் சிரித்தார் அத்தை.